‘அலாங் வித்’ வந்தால் இஸ்ஸா, ஆரா?

கேள்வி: “தி மேனேஜர், அலாங் வித் தி ஒர்க்கர்ஸ்”னு வந்தா அடுத்து இஸ்ஸா, ஆரா? நிறைய பேர் இருக்காங்களே?

இஸ்தான். வினைச்சொல் எழுவாயை, அதாவது வாக்கியம் யாரைப் பற்றியதோ அவரை மட்டும் பார்க்கும். இங்கே எழுவாய் மேனேஜர். அலாங் வித், டுகெதர் வித், ஆஸ் வெல் ஆஸ் மூன்றும் கூட இருப்பவரைச் சொல்லுமே தவிர, அவரை எழுவாயோடு சேர்க்காது. ஆண்ட் மட்டும்தான் சேர்க்கும்.

நம்ம பேச்சிலேயே இது இருக்கிறது. ‘அண்ணன் தம்பிகளோடு ஏற்காடு போனான்’ என்போம், ‘போனார்கள்’ என்று வராது. அதையே ‘அண்ணனும் தம்பிகளும்’ என்று மாற்றினால் உடனே ‘போனார்கள்’ வந்துவிடும். ‘ஓடு’தான் அலாங் வித், ‘உம்’தான் ஆண்ட்.

சந்தேகம் வந்தால் இரண்டு கமாவுக்கு நடுவே இருப்பதை விரலால் மறைத்துப் படியுங்கள்: தி மேனேஜர் இஸ் வெயிட்டிங். திருப்பிப் போட்டு “தி ஒர்க்கர்ஸ், ஆஸ் வெல் ஆஸ் தி மேனேஜர்” என்று எழுதினால், மறைத்தபின் மிஞ்சுவது ஒர்க்கர்ஸ், அதனால் ஆர். ஆஸ் வெல் ஆஸில்தான் அதிகம் தடுமாறுகிறோம், ஏனென்றால் தமிழில் அதை ‘உம்’ போட்டே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம்.

அப்புறம், பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து வினை போடு என்று பலர் நினைப்பது, ‘அல்லது’ என்று பொருள்படும் ஆர், அதன் எதிர்மறையான நார் என்ற இணைப்புச் சொற்களுக்கான விதி, அது இங்கே செல்லாது.