பற்றாக்குறையில் மூன்று வகை ஏன்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு பட்ஜெட்டில் வரும் நிதி, வருவாய், முதன்மைப் பற்றாக்குறைகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே கற்பனை பட்ஜெட்தான். எண்கள் எல்லாம் கோடியில். அரசின் மொத்தச் செலவு 1000. அதில் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என அன்றாடம் கரையும் வருவாய்ச் செலவு 780. பாலம், சாலை போன்ற மூலதனச் செலவு 220. அந்த 780-க்குள் வட்டி மட்டும் 150. வரவு பக்கம், வரியும் கட்டணமும் சேர்ந்து வருவாய் வரவு 700. பொதுத்துறைப் பங்கு விற்றதில் 30, முன்பு கொடுத்த கடன் திரும்பி வந்ததில் 10.

கேள்வி: பட்ஜெட் அறிக்கையில் மொத்த வரவும் மொத்தச் செலவும் ஒன்றாகவே இருக்கின்றன. அப்புறம் பற்றாக்குறை எங்கே ஒளிந்திருக்கிறது?

வரவு பக்கத்திலேயே இருக்கிறது. புதிதாக வாங்கும் கடனையும் 'மூலதன வரவு' என்று சேர்த்து எழுதுவதால்தான் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிகின்றன. நம் கணக்கில் 700, 30, 10 மூன்றையும் கூட்டினால் 740. செலவோ 1000. மீதி 260-ஐ அரசு கடனாகத்தான் திரட்டியாக வேண்டும். அந்த 260-தான் நிதிப் பற்றாக்குறை. மூலதன வரவைப் பார்த்ததும் அதில் எவ்வளவு கடன், எவ்வளவு கடன் அல்லாதது என்று பிரித்துவிடுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: வருவாய்ப் பற்றாக்குறை என்றால் வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. பெயர் அப்படி நினைக்க வைக்கிறது, அவ்வளவுதான். எதிர்பார்த்த வரி முழுவதும் வந்த ஆண்டிலும் வருவாய்ப் பற்றாக்குறை இருக்கலாம். வருவாய்ச் செலவிலிருந்து வருவாய் வரவைக் கழித்தால் அது கிடைக்கும்: 780-இல் 700 போக 80. அதாவது அன்றாடச் செலவுக்கே போதாமல் போகும் தொகை.

கேள்வி: நிதிப் பற்றாக்குறை குறைந்தால் அரசின் நிதிநிலை சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். அடுத்த ஆண்டு மற்ற எதுவும் மாறவில்லை, பங்கு விற்பனை மட்டும் 30-இலிருந்து 80 ஆகிறது என்று வையுங்கள். கடன் அல்லாத வரவு மொத்தம் 790. நிதிப் பற்றாக்குறை 260-இலிருந்து 210-க்கு இறங்கிவிடும். ஆனால் வருவாய்ப் பற்றாக்குறை அதே 80. சம்பளத்துக்கும் வட்டிக்கும் வரிப்பணம் போதாத நிலை அப்படியே இருக்கிறது. சொத்தை விற்ற காசு, அந்த ஒரு ஆண்டுக்குக் கடனின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பங்கு விற்பனையைத் தொடாமல், மூலதனச் செலவை 220-இலிருந்து 170-க்கு வெட்டினாலும் நிதிப் பற்றாக்குறை அதே 210-தான். பாதியில் நிற்கும் பாலம் அந்த எண்ணில் தெரியாது. நெருக்கடியில் இருக்கும் அரசுகள் முதலில் கை வைப்பது மூலதனச் செலவில்தான். சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது, புதுப் பாலத்தைத் தள்ளிப்போடலாம்.

மூன்றாவதாக, வரி 50 கூடியோ மானியம் 50 குறைந்தோ அதே 210 வரலாம். அப்போது மட்டும் வருவாய்ப் பற்றாக்குறையும் 80-இலிருந்து 30-க்கு இறங்கும். ஆகவே நிதிப் பற்றாக்குறை குறைந்தது என்ற செய்தி வந்தால், கூடவே வருவாய்ப் பற்றாக்குறை குறைந்ததா, மூலதனச் செலவு நின்ற இடத்தில் நிற்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். மேம்பாடு உண்மையா என்பது அங்கே பிடிபட்டுவிடும்.

கேள்வி: வருவாய்ப் பற்றாக்குறை நிதிப் பற்றாக்குறையைவிடப் பெரிதாக இருக்க முடியுமா?

முடியும், அபூர்வமாக. மூலதனச் செலவைவிடச் சொத்து விற்ற பணமும் கடன் வசூலும் கூடுதலாக இருந்தால் அப்படி வரும். சொத்து விற்ற காசில் சம்பளம் போடுகிறார்கள் என்று பொருள்.

கேள்வி: முதன்மைப் பற்றாக்குறையில் வட்டியைக் கழிப்பது ஏன்? அதுவும் செலவுதானே? முதன்மைப் பற்றாக்குறை பூஜ்யமானால் கடன் ஏறாதா?

செலவுதான், ஆனால் பழைய ஆண்டுகளின் முடிவுக்கு இன்று கட்டும் விலை. அதை ஒதுக்கிவிட்டால் இந்த ஆண்டின் முடிவுகள் எவ்வளவு கடனைக் கோருகின்றன என்று தெரியும். 260-இல் வட்டி 150 போக 110. இதுதான் முதன்மைப் பற்றாக்குறை.

அது பூஜ்யமானாலும் கடன் ஏறும். பழைய கடன் 2000 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 150 என்பது ஏழரை சதவீதம். முதன்மைப் பற்றாக்குறை இல்லாவிட்டாலும் வட்டி கட்டவே 150 கடன் வாங்க வேண்டும், ஆண்டு முடிவில் கடன் 2150. ஆனால் நாட்டின் ஜிடிபி 4000-இலிருந்து பத்து சதவீதம் வளர்ந்து 4400 ஆனால், ஜிடிபியில் 50 சதவீதமாக இருந்த கடன் சுமார் 48.9 சதவீதமாகக் குறைகிறது. தொகை ஏறினாலும் சுமை இறங்குகிறது. அதே வளர்ச்சியில் முதன்மைப் பற்றாக்குறை 110 இருந்தால் கடன் 2260, சுமை 51.4 சதவீதம். வளர்ச்சி வட்டி விகிதத்துக்குக் கீழே போனால் கதை மாறிவிடும்: முதன்மைப் பற்றாக்குறை பூஜ்யமாக இருந்தும் சுமை கூடிக்கொண்டே போகும். அதனால் இந்த எண்ணைத் தனியாகப் பார்க்காமல் வட்டி விகிதத்தையும் வளர்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ச்சியை விலைவாசி உயர்வும் சேர்ந்த கணக்கில் எடுக்க வேண்டும், ஏனென்றால் வட்டியும் அப்படித்தான் கணக்கிடப்படுகிறது.

கேள்வி: உண்மையான பட்ஜெட்டில் இதைப் பார்க்க முடியுமா?

இந்திய ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டை எடுங்கள். நிதிப் பற்றாக்குறை சுமார் 15.69 லட்சம் கோடி ரூபாய், ஜிடிபியில் 4.4 சதவீதம். வட்டிச் செலவு சுமார் 12.76 லட்சம் கோடி. ஆக முதன்மைப் பற்றாக்குறை சுமார் 2.93 லட்சம் கோடி. வாங்கும் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்கு ஈடான தொகை பழைய கடனின் வட்டிக்கே போகிறது.

வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 5.24 லட்சம் கோடி. இதைப் படிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மாநிலங்கள் கட்டடமும் சாலையும் உருவாக்க ஒன்றிய அரசு கொடுக்கும் மானியம், ஒன்றியக் கணக்கில் வருவாய்ச் செலவாகவே எழுதப்படும், ஏனென்றால் அந்தச் சொத்து ஒன்றிய அரசுக்குச் சொந்தமாகாது. அந்த மானியத்தைக் கழித்துக் காட்டுவதற்காகவே 2011-12 பட்ஜெட்டில் 'நிகர வருவாய்ப் பற்றாக்குறை' என்று சொல்லத்தக்க ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். 2025-26-இல் அது சுமார் 0.97 லட்சம் கோடிதான். இரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எந்த எண் மேற்கோள் காட்டப்படுகிறது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.