பெரியவர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கேபிளை நிறுத்தி ஓடிடிக்கு மாறினால் மிச்சமாகுமா?

கேள்வி: "அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 68. எட்டு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கேபிளுக்கு மாதம் 350 கொடுக்கிறோம். டிவி செலவு மொத்தமாக 600 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஸ்மார்ட் டிவி இருக்கிறது, பிராட்பேண்ட் இல்லை. போன்களில் தினம் 1.5 ஜிபி வருகிறது. கேபிளை வெட்டிவிட்டு ஓடிடி போட்டுவிடலாமா?"

வேண்டாம், இப்போதைக்கு வெட்டாதீர்கள். நான் சில வருடம் எங்கள் ஊர்க் கேபிள் ஆபரேட்டரிடம் வசூலும் பாக்ஸ் வேலையும் பார்த்தவன். இப்போது வேறு தொழில். அதனால் கேபிளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கணக்கு அப்படித்தான் விழுகிறது.

முதலில் இணையத்தைப் பாருங்கள். ஓடிடி என்றால் எல்லோரும் சந்தாத் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் சொல்கிற கணக்குப்படி ஒரு மணி நேரம் ஹெச்டி தரத்தில் பார்த்தால் 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை. உங்கள் போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்து டிவியில் ஹெச்டி படம் போட்டால் 1.5 ஜிபி அரை மணி நேரத்தில் காலி. படத்தில் கதாநாயகி வருவதற்குள் "உங்கள் தினசரி டேட்டா முடிந்தது" என்ற செய்தி வந்துவிடும். ஆக, ஓடிடி வேண்டுமென்றால் பிராட்பேண்ட் வேண்டும். அதில் மலிவான பிளான்களில் ஒன்று 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 399 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 471. அதாவது ஒரு சீரியல்கூடப் பார்க்காமலே 600இல் 471 போய்விட்டது.

மிச்சம் இருக்கிற 129 ரூபாயில்தான் பெரியவர்களின் சேனல்கள் வர வேண்டும். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்ட்டில் இருக்கின்றன. விஜய் டிவி சீரியல்கள் ஜியோஹாட்ஸ்டாரில். ஜீ தமிழ் சீரியல்கள் ஜீ5இல். அம்மா ஏழு மணிக்கு சன், எட்டரைக்கு விஜய், நடுவில் ஜீ தமிழ் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர் என்றால் மூன்று சந்தா. கேபிளில் இது மூன்று எண்ணை அழுத்துகிற வேலை, அவ்வளவுதான்.

இன்னொன்று, "149 ரூபாய்க்கு நெட்ஃப்ளிக்ஸ்" என்பது மொபைல் பிளான். போனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் ஓடும், டிவியில் வராது. டிவிக்கு அதன் அடுத்த படி 199. ஜியோஹாட்ஸ்டாரிலும் மொபைல் பிளான் அப்படித்தான். ரீசார்ஜோடு இலவசமாகக் கிடைக்கிற ஓடிடிகள் பெரும்பாலும் இந்த ரகம். வாங்கிய பிறகு டிவியில் திறந்து பார்த்து ஏமாந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும்.

சரி, 350ஐ என்ன செய்வது? அங்கேதான் பணம் இருக்கிறது. கேபிள் பில் இரண்டு பகுதி. ஒன்று, பாக்ஸுக்கு சிக்னல் கொடுப்பதற்கான அடிப்படைக் கட்டணம். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தபோது இதற்கு 130 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 பைசா. 2024இல் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள் என்பதால் உங்கள் ஆபரேட்டரின் தொகை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் பழக்கத்தில் 130ஐ ஒட்டியே ஓடுகிறது. இந்தக் கட்டணத்துக்குள்ளேயே கட்டணமில்லாச் சேனல்கள் எல்லாம் வந்துவிடும். புதிய தலைமுறை, தந்தி டிவி மாதிரியான செய்திச் சேனல்கள், பாலிமர், டிடி தமிழ் எல்லாம் அதில்தான். அப்பா நாள் முழுக்கச் செய்தி பார்க்கிறவர் என்றால் அவருக்குத் தனிச் செலவே இல்லை.

இரண்டாவது பகுதி கட்டணச் சேனல்கள். பேக்கில் சேர்கிற சேனல் ஒன்றின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் பெரிய சேனல்கள் எல்லாம் 19ஐ ஒட்டியே நிற்கும். சன் டிவி, கேடிவி, விஜய், ஜீ தமிழ் நான்கையும் தனித்தனியாக 19 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 76 ரூபாய். 130உடன் சேர்த்தால் 206. ஜிஎஸ்டி 37. ஆக 243.

உங்கள் 350க்கும் இந்த 243க்கும் நடுவில் இருக்கிற நூறு ரூபாய் எங்கே போகிறது? பாக்ஸ் மெனுவில் சந்தா விவரம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். இந்தி சினிமா, ஆங்கில இயற்கைச் சேனல், மூன்று விளையாட்டுச் சேனல், அதோடு ஒரே சேனலின் ஹெச்டி வடிவம் வேறு. ஹெச்டிக்குத் தனி விலை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. 32 அங்குல டிவியில் ஹால் மூலையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அதில் பெரிய வித்தியாசமும் தெரியாது. நான் வசூலுக்குப் போன வீடுகளில் பாதிப் பேருக்குத் தங்கள் பேக்கில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. "மாசா மாசம் இவ்வளவு தம்பி" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிற தாத்தாக்கள்கூட பேக்கை மாற்றச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை.

எப்படிக் குறைப்பது? ஒரு வாரம் ஒரு தாளில் யார் எந்தச் சேனல் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். பிறகு பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் விசி நம்பரைக் குறித்துக்கொண்டு ஆபரேட்டரிடம், "அண்ணே, இந்த நாலு சேனலும் இலவசச் சேனலும் போதும், பேக் வேண்டாம்" என்று சொல்லுங்கள். "தனித்தனியா வராது, பேக்காத்தான் வரும்" என்பார். தனிச் சேனல் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் ட்ராய் விதி, அதைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் மூன்று, நான்கு சேனல் உங்கள் தாளில் இருந்தால் தனித்தனியாக எடுப்பதைவிட அந்த நிறுவனத்தின் சின்ன பேக் மலிவாக வரலாம். குழந்தைகள் சுட்டி டிவி பார்ப்பார்கள் என்றால் சன் பக்கம் அப்படித்தான் ஆகும். இரண்டு தொகையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாற்றிய பிறகு சில சேனல்களில் "சந்தா இல்லை" என்று வந்தால் பதறாதீர்கள். பாக்ஸை அணைக்காமல் அந்தச் சேனலிலேயே அரை மணி நேரம் விடுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் ரீஃப்ரெஷ் அடிக்கச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் பார்க்கிற வீடு என்றால் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழை ஐபிஎல் மாதங்களில் மட்டும் சேர்த்துவிட்டு ஜூனில் எடுக்கச் சொல்லலாம். எடுக்கச் சொல்ல மறந்தால் அடுத்த ஐபிஎல் வரை நீங்கள் கட்டிக்கொண்டேதான் இருப்பீர்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் பணத்தைவிட ரிமோட்தான் பெரிய சங்கதி. அப்பாவுக்குத் தெரிந்தது சேனல் எண். கரண்ட் போய் வந்தால் ஸ்மார்ட் டிவி நேராக ஆப் படங்கள் வரிசையாக நிற்கிற முகப்பில் வந்து நிற்கும். அதிலிருந்து கேபிள் பாக்ஸ் இருக்கிற ஹெச்டிஎம்ஐக்கு எப்படிப் போவது என்று தெரியாமல், டிவி ரிப்பேர் என்று அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு வந்த புகார்களில் கணிசமானவை இதுதான், போய் ஒரு பட்டனை அழுத்திவிட்டு வருவோம். பல டிவிகளில் ஆன் செய்ததும் கடைசியாக இருந்த இன்புட்டிலேயே திறக்கும்படி அமைத்துவிடலாம். அமைப்புகளில் பவர் சம்பந்தப்பட்ட பகுதியில் தேடுங்கள். இல்லையென்றால் டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டன் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "கரண்ட் வந்தா இதை அமுக்குங்கப்பா" என்று பழக்கிவிடுங்கள். ஓடிடி ஆப் என்றால் கதையே வேறு. அது ஒரு நாள் தானாக லாக்அவுட் ஆகும், ஓடிபி ஆபீஸில் இருக்கிற உங்கள் போனுக்கு வரும், அம்மா போன் செய்கிற நேரத்தில் நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். அப்புறம், லோக்கல் சேனல். ஊர்த் தேரும் தெப்பமும் இரங்கல் அறிவிப்பும் வருகிற அந்தச் சேனல் எந்த ஓடிடியிலும் இல்லை. வயதானவர்கள் அதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது அந்தத் தாளில் எழுதும்போது உங்களுக்கே தெரியும்.

பிள்ளைகளுக்கு இப்போது காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. போன் டேட்டாவில் யூடியூப்பை 480 தரத்தில் வைத்தால் மணிக்கு அரை ஜிபி போலத்தான் ஆகும். ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் ஒரு மணி நேரம் காட்டினாலும் தாங்கும். தரத்தை நீங்களே குறைத்து வையுங்கள். தானியங்கியில் விட்டால் மேலே ஏற்றிவிடும். சின்னவனுக்கு யூடியூப் கிட்ஸ் ஆப்பில், நீங்கள் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. நாலு வயதுக்கு அதுதான் சரி. தேடல் பெட்டியும் மறைந்துவிடும், நேரக் கட்டுப்பாடும் வைக்கலாம்.

எப்போது என் பதில் மாறும்? படிப்புக்காகவோ வேலைக்காகவோ வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தே தீரும் என்றால். அப்போது அந்த 471ஐ டிவி கணக்கில் எழுதக் கூடாது. கேபிளுக்கு 243 போக உங்களிடம் 357 மிச்சம் இருக்கும். அதில் ஒரே ஒரு ஓடிடியை எடுங்கள், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பிடித்தது, தீபாவளிக்கு வேறொன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். வருடச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் கை கடிக்கிற வீட்டில் ஒரே மூச்சில் ஆயிரத்துக்கு மேல் எடுத்துக் கொடுப்பது அந்த மாதத்தை உதைக்கும். மாதச் சந்தா போட்ட அன்றைக்கே யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம், அடுத்த மாதம் தானாகப் பணம் போகாது. ரத்து செய்ததை ஓடிடி ஆப்பின் கணக்குப் பக்கத்திலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் பற்றிச் சிலர் சொல்வார்கள். மாதக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதில் தனியார் தமிழ்ச் சேனல்கள் குறைவு, சன்னும் விஜய்யும் கேட்கிற வீட்டுக்கு அது உதவாது.