மானியம் வராத மூன்று மாதம்

கேள்வி: எங்கள் சங்கம் நடத்தும் டியூஷன் மையத்துக்கு வர வேண்டிய மானியம் தள்ளிப்போய்விட்டது. கையில் இருப்பது இரண்டு மாதத்துக்குக்கூடப் பத்தாது. செலவுப் பட்டியலை எடுத்தால் எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசிவரை தொடக்கூடாது?

பதில்: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சிறிய பாலர் பள்ளிக்கு நான் பொருளாளர். 42 பிள்ளைகள், பாதிப் பேர் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். இந்த ஆண்டு சனவரியில் வர வேண்டிய மானியம் ஏப்ரலில்தான் வந்தது. அந்த மூன்று மாதத்தில் நாங்கள் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் பணம் தரும் இடத்துக்குப் போன் போட்டு, கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். "எப்போது வரும்" என்று கேட்டால் "கூடிய சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். ஒப்புதல் கடிதம் கையெழுத்தாகிவிட்டதா, பணம் விடுவிக்க எழுதிவிட்டார்களா என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும். கடிதம் கையில் இருந்தால் அது தாமதம். செலவுகளைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கலாம். கடிதமே இல்லையென்றால், பணம் வராமலே போகலாம் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். எங்களுக்குக் கடிதம் இருந்தது.

எங்கள் கணக்கு இது. மாதச் செலவு 12,600 வெள்ளி. அதில் மூன்று ஆசிரியைகள், ஒரு சமையல் அக்கா, இவர்களின் சம்பளமும் நாங்கள் கட்டும் இபிஎப் சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் மட்டுமே 8,160. மீதி வாடகை 900, பிள்ளைகளின் பசியாறல் 1,500, வேன்காரருக்கு 1,400, மின்சாரம், தண்ணீர், இணையம், போட்டோஸ்டேட் எல்லாம் சேர்த்து 640. கட்டணமாக உள்ளே வருவது சுமார் 4,000. மாதம் 8,600 துண்டு விழுகிறது. கையிருப்பு 14,200. ஏழு வாரம்தான் தாங்கும்.

முதல் கூட்டத்தில் செயலவை ஒவ்வொரு செலவுக்கும் "மிக முக்கியம், முக்கியம், பரவாயில்லை" என்று மதிப்பெண் போட்டது. பெயிண்ட் அடிக்கும் வேலை மட்டும் பரவாயில்லை ஆனது. 3,500 மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பணம் மாதச் செலவுக் கணக்கிலேயே இல்லை. செலவாகாத பணத்தை வெட்டினால் கையிருப்பு ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தாங்காது.

அடுத்து பசியாறலை நிறுத்தினோம். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாக்கள், இங்கே சாப்பாடு உண்டு என்று நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள். ஒரே வாரத்தில் வருகைப் பதிவேட்டில் பத்துப் பன்னிரண்டு பெயருக்கு நேரே கோடு விழுந்தது. வராத பிள்ளைக்கு யார் கட்டணம் கட்டுவார்கள்? அடுத்த திங்கட்கிழமையே திரும்ப ஆரம்பித்தோம்.

அதற்குப் பிறகுதான் "எவ்வளவு முக்கியம்" என்ற கேள்வியைத் தூக்கிப் போட்டோம். பதிலாக ஒவ்வொரு செலவுக்கும் நேரே மூன்று விஷயம் எழுதினேன். கட்டாவிட்டால் எந்தத் தேதியில் என்ன நடக்கும், அதைப் பிறகு பணம் கட்டிச் சரிசெய்ய முடியுமா, இந்தச் செலவை நிறுத்தினால் வருமானமும் சேர்ந்து குறையுமா.

வேன் மூன்றாவது கேள்வியில் மேலே ஏறியது. நிறுத்தினால் 1,400 மிச்சம். ஆனால் வேனை நம்பி வருவது 14 பிள்ளைகள், ஆளுக்கு 120 வெள்ளி கட்டணம். 1,400ஐ மிச்சப்படுத்த 1,680ஐ இழப்பதா? வேனில் கை வைக்கவில்லை.

சம்பளம் முதல் இரண்டு கேள்விகளிலேயே உச்சிக்குப் போய்விட்டது. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும், இபிஎப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும். இபிஎப் விஷயத்தில்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பதால் முதலில் நிற்பது அதுதான். ஆனால் சம்பளத்திலிருந்து பிடித்த 11 விழுக்காடு டீச்சருடைய பணம். அதைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுவது குற்றம், தாமதக் கட்டணம் தனி. தலைமை ஆசிரியை "எனக்குப் பாதிச் சம்பளம் போதும் அண்ணே, மீதி பிறகு கொடுங்க" என்றார். நல்ல மனசுதான், ஆனாலும் வேண்டாம் என்றேன். ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்ற மூவருக்கும் வாய் திறக்க முடியாது.

வாடகை கீழே இறங்கியது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே போய், ஏப்ரல் முடிவுக்குள் மூன்று மாத வாடகையும் சேர்த்துத் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒப்புக்கொண்டார். தவணை தவறிய பிறகு போயிருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். மாதச் செலவில் சேராத பயிற்சி நூல்களுக்கான 1,200ஐப் புத்தகக் கடைக்காரர் கடனாக எழுதிக்கொண்டார். பசியாறல் நிற்கவில்லை, ஆனால் இட்லி, அவித்த கடலை என்று எளிமையாக்கி மாதம் 500 குறைத்தோம். போட்டோஸ்டேட்டில் 150. மின்சாரத்தையும் தண்ணீரையும் நான் யோசிக்கவே இல்லை. சின்னத் தொகை, வெட்டிவிட்டால் பெரிய தலைவலி.

இத்தனையும் சேர்த்து மாதம் 1,550தான். துண்டு 7,050 ஆனது, அவ்வளவே. மூன்று மாதத்துக்கு 21,150 வேண்டும், இருப்பதோ 14,200. செலவில் மூன்றில் இரண்டு பங்கு சம்பளமாக இருக்கும் இடத்தில், சம்பளத்தைத் தொடாமல் வெட்டி மட்டும் கரையேற முடியாது. உங்கள் மையத்திலும் இதே கதையாகத்தான் இருக்கும். அதனால் மீதி 6,950க்கு வழியை முதல் வாரமே தேடுங்கள். பாக்கிக் கட்டணத்தை விடாமல் கேட்டதில் 2,100 வந்தது. செயலவையினர் ஐந்து பேர் ஆளுக்கு 1,000 வட்டியில்லாக் கடன் தந்தார்கள். அதைக் கூட்டக் குறிப்பில் கடன் என்றே பதிந்தோம். நன்கொடை மாதிரி வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

இன்னொன்று, ஒவ்வொரு படிக்கும் தேதி போட்டோம். மார்ச் 15க்குள் பணம் வராவிட்டால் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, ஏப்ரல் 15க்குள் வராவிட்டால் பெற்றோரைக் கூட்டி வகுப்பு நேரத்தைக் குறைப்பது பற்றிப் பேசுவது. முதல் படியைத் தொட்டோம். இரண்டாவதற்கு நான்கு நாள் முன்னால் பணம் வந்தது.

வந்ததில் 8,900 உடனே பாக்கிக்கே போய்விட்டது: வாடகை 2,700, புத்தகக் கடை 1,200, கடன் 5,000. இங்கே ஒரு கவனம் தேவை. மானியக் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து ஆன செலவைக் காட்டலாம் என்று பாருங்கள். எங்களுடையதில் சனவரி 1 முதல் என்று இருந்ததால் தப்பித்தோம். அப்படி இருந்தும் "கடன் திருப்பியது" என்று காட்டினால் ஏற்க மாட்டார்கள் என்று கணக்காய்வாளர் சொன்னார். அந்த 5,000 எந்த மாதச் சம்பளத்துக்குப் போனதோ, அந்தச் சம்பளச் சீட்டுகளைத்தான் கணக்கில் காட்டினோம்.