விப்ரியோவின் இரட்டிப்பு நேரம்: ஓ.டி. அளவுகளை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: தொண்டி பக்கத்து இறால் குட்டையிலிருந்து பிரித்த விப்ரியோவை 30 டிகிரியில், ஷேக்கரில் வளர்த்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 600 நானோமீட்டரில் ஓ.டி. எடுத்தேன். 0.020-இல் தொடங்கி நான்கு மணி நேரத்தில் 1.10 ஆனது. கணக்குப் போட்டால் இரட்டிப்பு நேரம் 42 நிமிடம் வருகிறது. இவ்வளவு மெதுவாகவா வளரும்? ஓ.டி. 1 என்றால் மில்லிலிட்டருக்கு 80 கோடி செல் என்று படித்தேன். ஆனால் காய்ச்சி வடித்த நீரில் நீர்த்து டி.சி.பி.எஸ். தட்டில் பரப்பினால் 9 கோடிதான் வருகிறது. எது தவறு? அளவுகளை இணைத்துள்ளேன்.

பதில்: இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் வேறு வேறு. இரட்டிப்பு நேரம் ஒரு விகிதக் கணக்கு, ஓ.டி. ஒன்றுக்கு எத்தனை செல் என்பது தெரியாமலே அதைக் கண்டுபிடிக்கலாம். செல் எண்ணிக்கைக்குத்தான் தட்டு வேண்டும். எனவே முதலில் நேரத்தை முடித்துக்கொள்வோம்.

நீங்கள் முதல் அளவையும் கடைசி அளவையும் மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அந்த நான்கு மணி நேரத்தில் பாக்டீரியா புது ஊடகத்துக்குப் பழகிய நேரமும், உணவும் ஆக்சிஜனும் குறைந்து தளர்ந்த நேரமும் சேர்ந்திருக்கின்றன. சீராக இரட்டித்த பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். ஓ.டி.யின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தால் அந்தப் பகுதி நேர்க்கோடாகத் தெரியும். உங்கள் அளவுகளில் அது 60 நிமிடம் முதல் 120 நிமிடம் வரை: 0.042, 0.073, 0.127, 0.221. ஒவ்வொரு 20 நிமிடத்திலும் ஏறத்தாழ 1.74 மடங்கு கூடியிருக்கிறது. 60 நிமிடத்தில் மொத்தம் 5.26 மடங்கு, அதன் இயல் மடக்கை 1.66. இரண்டின் மடக்கையான 0.693-ஐ 60-ஆல் பெருக்கி 1.66-ஆல் வகுத்தால் 25 நிமிடம். இதுதான் உங்கள் விப்ரியோவின் வேகம். எக்செலில் A பத்தியில் நிமிடமும் C பத்தியில் ஓ.டி.யின் இயல் மடக்கையும் இருந்து, முதல் அளவு இரண்டாம் வரிசையில் இருந்தால்:

```
=LN(2)/SLOPE(C5:C8,A5:A8)
```

நேர்க்கோட்டில் குறைந்தது நான்கு புள்ளிகளாவது வேண்டும். இரண்டு புள்ளியை வைத்து இரட்டிப்பு நேரம் சொல்வதை நான் ஏற்பதில்லை.

140 நிமிடத்துக்குப் பிறகு கோடு வளைகிறதே, அது முழுக்க வளர்ச்சியின் தளர்ச்சி அல்ல. ஓ.டி. என்பது செல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கிடைக்கும் அளவு. செல்கள் நெருக்கமாகிவிட்டால், ஒரு செல் சிதறடித்த ஒளியை இன்னொரு செல் திருப்பிவிட, அதில் ஒரு பகுதி மறுபடி உணர்கருவிக்கே வந்துவிடும். கருவி குறைவாகக் காட்டும். பெரும்பாலான கருவிகளில் 0.4-ஐத் தாண்டினால் இது தொடங்கிவிடுகிறது. சோதிப்பது எளிது: 160-ஆவது நிமிட மாதிரியில் ஒரு பங்குடன் மூன்று பங்கு ஊடகம் சேர்த்து அளந்து நான்கால் பெருக்குங்கள். நேரடி அளவு 0.59, நீர்த்து அளந்தது 0.163 என்றால் உண்மை 0.65. கடைசி மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்தால் 1.10 என்பது 1.45 என்றுகூட ஆகலாம். 0.4-க்கு மேல் எல்லா மாதிரியையும் இப்படித்தான் அளக்க வேண்டும். நீர்ப்பதற்கு அதே ஊடகத்தையே பயன்படுத்துங்கள்.

கீழ்ப்பக்கத்தில் ஆபத்து வேறு: பிளாங்க். கடல்நீரில் டிரிப்டிக் சோய் பிராத் கரைத்து ஆட்டோகிளேவ் செய்தால், கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பொடியிலுள்ள பாஸ்பேட்டுடன் சேர்ந்து வெண்மையாகப் படியும். மன்னார் வளைகுடா நீரானாலும் பாக் நீரிணை நீரானாலும் இது நடக்கும். படிவு கலங்கி ஓ.டி.யில் 0.015 கூடுதலாக ஏறினால் 0.042 என்பது 0.057 ஆகவும், 0.221 என்பது 0.236 ஆகவும் தெரியும். சிறிய எண்ணைத்தான் அது அதிகம் கெடுக்கிறது. விகிதம் குறைந்து, 25 நிமிடம் 29 நிமிடமாகிவிடும். ஓ.டி. எடுப்பதற்குக் கடல்நீர் வேண்டாம். டிரிப்டிக் சோய் பிராத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு ஏற்கெனவே உண்டு. இன்னும் 15 கிராம் சோடியம் குளோரைடு சேர்த்தால் 2 சதவீதம் ஆகிவிடும், விப்ரியோவுக்கு அது போதும்.

இந்தக் கடற்கரைக் காற்றின் ஈரத்தால் வரும் தவறு ஒன்றும் உண்டு. வளர்ச்சியை நிறுத்த மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்துவிட்டு நேராக அளந்தால், குவெட்டின் வெளிச்சுவரில் நீர் பூத்து ஓ.டி. ஏறும். உடனே அளக்க முடியாவிட்டால் 1 மில்லிலிட்டர் மாதிரிக்கு 10 மைக்ரோலிட்டர் பார்மலின் சேர்த்து அறை வெப்பத்திலேயே வையுங்கள்; அளக்கும் முன் கலக்கிவிடுங்கள். அதைத் தட்டில் பரப்பக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி எண்ணிக்கை. 80 கோடி என்பது ஈ.கோலைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எண். செல்லின் பருமனும் வடிவமும் மாறினால் சிதறல் மாறும். உணர்கருவி குவெட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே வளர்ப்பு இரண்டு கருவிகளில் இரண்டு ஓ.டி. காட்டும். எனவே உங்கள் பாக்டீரியாவுக்கு, உங்கள் கருவியில், நீங்களே ஒரு பெருக்கெண் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் 9 கோடி என்பது பெருக்கெண் கோளாறால் மட்டும் வந்ததல்ல. உப்பில் வாழும் விப்ரியோவைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டால் நீர் உள்ளே பாய்ந்து செல்கள் வெடிக்கின்றன. தப்பியதில் காயம்பட்டவை, டி.சி.பி.எஸ்.ஸின் பித்த உப்பையும் உயர் காரத்தன்மையையும் தாங்காமல் காலனி ஆவதில்லை. ஒரே மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரிலும் 2 சதவீத உப்பு நீரிலும் பக்கத்தில் பக்கத்தில் நீர்த்து, 2 சதவீத உப்புள்ள டிரிப்டிக் சோய் அகாரில் பரப்பிப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

பெருக்கெண் எடுக்க 80, 100, 120 நிமிட மாதிரிகள் பொருத்தமானவை. 120-ஆவது நிமிட மாதிரியை உப்பு நீரில் பத்துப் பத்தாக ஐந்து முறை நீர்த்து, 0.1 மில்லிலிட்டர் வீதம் மூன்று தட்டில் பரப்புகிறீர்கள். எடுத்துக்காட்டாக, சராசரி 118 காலனி வந்தால் மில்லிலிட்டருக்கு 11.8 கோடி. அதை 0.221-ஆல் வகுத்தால் ஓ.டி. ஒன்றுக்கு 53 கோடி. 100-ஆவது நிமிடத்தில் 6.7 கோடியும் 80-ஆவது நிமிடத்தில் 3.9 கோடியும் வந்தால் அவையும் அதே 53-ஐ ஒட்டியே நிற்கும். தட்டு எண்ணிக்கையிலிருந்தே இரட்டிப்பு நேரத்தையும் போட்டுப் பாருங்கள்: 40 நிமிடத்தில் 3.03 மடங்கு, அதாவது மறுபடி 25 நிமிடம். ஓ.டி.யும் தட்டும் இப்படி ஒத்துப்போனால்தான் அந்தப் பெருக்கெண்ணை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். செல்கள் திரள் திரளாக ஒட்டியிருந்தால் ஒரு திரளே ஒரு காலனியாகிவிடும்.

இந்த 53 கோடியை நான்காம் மணி நேரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். வளர்ச்சி நின்ற நிலையில் செல்கள் சிறுத்துவிடுகின்றன, சில இறந்தும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்தக் கட்டத்துக்குத் தட்டு எண்ணிக்கையைத்தான் எழுத வேண்டும்.

உப்பு அகாரில் ஒரு தொல்லை உண்டு. இறால் குட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் விப்ரியோ ஆல்ஜினோலைட்டிகஸ் அதில் தட்டு முழுக்கப் படர்ந்து காலனிகளை மூடிவிடும். ஊற்றிய தட்டுகளை நன்கு உலர்த்திப் பயன்படுத்துங்கள். 24 மணி நேரம் காத்திராமல் 14 மணி நேரத்திலிருந்தே பார்த்து, காலனிகள் தனித்தனியாகத் தெரிந்ததும் எண்ணிவிடுங்கள்.