பேதியான குழந்தைக்குத் தயிர்: தர்மபுரியிலிருந்து ஒரு கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்: டாக்டர், என் மகளுக்கு 14 மாதம், எடை 9 கிலோ. காதில் சீழ் வந்து அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து முறை தண்ணீராகப் போகிறது. மாமியார் தயிர்ச்சோறு கொடு என்கிறார், பக்கத்து வீட்டில் தயிர் ஆகவே ஆகாது என்கிறார்கள்.

முதலில் இரண்டு விஷயம் கேட்கிறேன். மலத்தில் ரத்தம் இருக்கிறதா? சிறுநீர் வழக்கம்போல் போகிறதா? ரத்தம் இல்லை, டயபர் நனைகிறது, குழந்தை விளையாடுகிறது என்றால் பதற வேண்டாம். இந்த சிரப்பில் கிளாவுலனிக் அமிலம் குடலைச் சற்று முடுக்கிவிடும். அமாக்ஸிசிலின் மட்டும் கொடுக்கும்போது இவ்வளவு பேதி வராது. சாப்பாட்டின் தொடக்கத்தில் மருந்தைக் கொடுங்கள், தொல்லை குறையும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் பேதியைச் சொல்லுங்கள். தேவையென்றால் மாற்றுவது அவர் வேலை.

ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் ஓ.ஆர்.எஸ். கரைசல் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அது நிற்கவே கூடாது. பசும்பாலை மட்டும் சில நாளைக்குத் தயிராக மாற்றிக்கொள்ளலாம். காலையில் குழைந்த சோற்றில் தயிர், மதியம் பருப்புச் சோறு, மாலையில் மசித்த வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் சொல்வது சரிதான். ஆனால் அவர் சொல்லும் காரணமும் நான் சொல்லப்போகும் காரணமும் ஒன்றல்ல.

அதே தாய்: அப்படியென்றால் காரணம் என்ன? தயிரில் நல்ல கிருமி இருக்கிறது, அது கெட்ட கிருமியைக் கொன்றுவிடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அந்தக் கதைக்கு ஆதாரம் மெலிந்தது. எனக்குப் பிடித்த காரணம் வேறு, அது பால் சர்க்கரையைப் பற்றியது. பாலில் இருக்கும் லாக்டோஸை உடைக்கும் நொதி, சிறுகுடலின் உட்பக்கத்தில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. ரோட்டா வைரஸ் போன்றவை தாக்கும்போது முதலில் சிதைவது அந்த நுனிதான். நொதி குறைந்தபின் நிறையப் பால் குடித்தால், உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். நுரைத்த மலம், புளித்த வாடை, பிட்டம் சிவந்து எரிவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

தயிரில் இரண்டு சாதகங்கள் உண்டு. உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. அவற்றின் உடலுக்குள்ளேயே லாக்டோஸை உடைக்கும் நொதி இருப்பதால், சிறுகுடலில் அவை சிதையும்போது அது வெளிவந்து மீதிச் சர்க்கரையையும் உடைக்கிறது. தயிர் தன்னைத்தானே செரித்துக்கொள்கிறது என்று 1984-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமிகள் குடலில் குடியேற வேண்டியதில்லை, செத்தாலே போதும்.

அல்ஜீரியாவில் 1990-ல், இரண்டு வாரத்துக்கு மேல் பேதி நீடித்த குழந்தைகளில் ஒரு பிரிவுக்குப் பாலும் மறு பிரிவுக்குத் தயிரும் கொடுத்துப் பார்த்தார்கள். பால் குடித்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. தயிர்ப் பிரிவில் அது 14 பேர்தான். சின்ன ஆய்வு, 45 குழந்தைகள் மட்டுமே. ஆனாலும் வித்தியாசம் பெரிது.

ஒசூரிலிருந்து ஒருவர்: என் பையனுக்குப் பேதி வந்த இரண்டாம் நாள் தயிர்ச்சோறு கொடுத்தேன். நான்காம் நாள் சரியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

உங்கள் பையன் குணமானதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் திடீர்ப் பேதி பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் தானாகவே நின்றுவிடும். அன்று எதைக் கொடுத்திருந்தாலும் நான்காம் நாள் நின்றிருக்கலாம். அதனால்தான் ஒரு வீட்டுக் கதையை வைத்து முடிவு செய்ய முடிவதில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1998-ல் ஊட்டம் குறைந்த குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள். திடீர்ப் பேதியில், சோறு போன்ற மற்ற உணவோடு சேர்த்துக் கொடுக்கும்போது, பாலுக்கும் தயிருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: இரண்டு நாள் பேதியில் தயிரின் லாபம் சிறிது. இரண்டு வாரம் இழுத்த பேதியில் அது கணிசமாக இருக்கலாம்.

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர்: மேடம், நல்ல கிருமிகளை அடைத்த புரோபயாடிக் பொட்டலம் பேதியை ஒரு நாள் குறைக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பே சொல்லியிருக்கிறது. தயிரை விட அதைத்தானே நீங்கள் சிபாரிசு செய்ய வேண்டும்?

நீங்கள் சொல்வது பாதி சரி. காக்ரேனின் 2010 தொகுப்பு சுமார் 25 மணி நேரம் குறைகிறது என்றுதான் சொன்னது. பிறகு 2018-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியே இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. அமெரிக்காவில் 971 குழந்தைகள், கனடாவில் 886. ஒவ்வொன்றிலும் பாதிப் பேருக்குப் புரோபயாடிக், பாதிப் பேருக்குப் போலிப் பொட்டலம். இரண்டிலும் பலன் தெரியவில்லை. 2020-ல் காக்ரேன் தன் தொகுப்பைப் புதுப்பித்தபோது, ஒழுங்காக நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்து, 48 மணி நேரத்தைத் தாண்டும் பேதியில் பெரிய மாற்றம் அநேகமாக இல்லை என்று பழைய முடிவைத் திருத்திக்கொண்டது. உங்கள் கடைக்கு வரும் விளம்பரத் தாள் இன்னும் 2010-லேயே நிற்கிறது போலும்.

ஆனால் ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதி வேறு கணக்கு. அங்கே உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. 2019-ல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பில் 33 ஆய்வுகள். புரோபயாடிக் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 8 பேருக்குப் பேதி, எடுக்காதவர்களில் 19 பேருக்கு. நாளொன்றுக்கு 500 கோடி உயிரணுக்கள் அல்லது அதற்கு மேல் கொடுத்தபோது பலன் தெளிவாக இருந்தது. ராம்னோசஸ் என்ற லாக்டோபாசில்லஸ் வகைக்கும், பூலார்டி என்ற ஈஸ்ட்டுக்கும் நல்ல பெயர். பூலார்டி ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. ரத்தக் குழாயில் நீண்டநாள் ஊசிக்குழாய் வைத்த குழந்தைக்கும், எதிர்ப்புசக்தி வெகுவாகக் குறைந்த குழந்தைக்கும் மட்டும் அதைக் கொடுக்கக் கூடாது.

மீண்டும் மருந்துக்கடைக்காரர்: 500 கோடி என்றால் தயிரில் அவ்வளவு இருக்காதே?

எண்ணிக்கையில் பஞ்சமில்லை. நன்றாக உறைந்த புதுத் தயிரில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி இருந்தாலே, ஒரு சின்னக் கிண்ணம் 100 கிராமில் ஆயிரம் கோடி ஆகிவிடும். சிக்கல் இனத்தில். நம் வீட்டு உறைமோரில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் மாறும். ஆய்வில் பலன் தந்தது பெயர் தெரிந்த ஓர் இனம். அந்தப் பலனை நம் தயிருக்கு எழுதிவைக்க முடியாது.

தயிரையே நேராகச் சோதித்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில், ஆன்டிபயாடிக் எடுத்த சுமார் 70 குழந்தைகளுக்குத் தினமும் 200 கிராம் தயிர். ராம்னோசஸ் உட்பட மூன்று இனங்கள் சேர்த்த தயிர் ஒரு பிரிவுக்கு, சூடுபடுத்திய சாதாரணத் தயிர் மறு பிரிவுக்கு. 2015-ல் முடிவு வந்தது. கடுமையான பேதி முதல் பிரிவில் யாருக்கும் வரவில்லை, இரண்டாம் பிரிவில் ஆறு பேருக்கு வந்தது. ஊக்கம் தரும் முடிவுதான். ஆனால் 70 பேர், அதுவும் கடையில் இனம் சேர்த்த தயிர்.

பென்னாகரத்திலிருந்து ஒரு பாட்டி (பேத்தி எழுதித் தருகிறாள்): நான் 40 வருஷமாகத் தயிரில் நாள்பட்ட வயிற்றெரிச்சலைச் சமாளிக்கிறேன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பாட்டி, உங்கள் வயிற்றெரிச்சல் வேறு, குழந்தையின் பேதி வேறு. எரிச்சலுக்குத் தயிர் இதமாக இருந்தால் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. நாள்பட்டது என்கிறீர்களே, அதை மட்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பேத்தி கேட்க நினைத்து எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா?

அந்தப் பேத்தி: ஆமாம் டாக்டர். பாட்டி குழந்தைக்கு மோர் மட்டுமே கொடுக்கச் சொல்கிறார். ஓ.ஆர்.எஸ். தேவையில்லை என்கிறார்.

இதில் நான் பாட்டியோடு சண்டைக்கு வருவேன். உப்புப் போட்ட மோரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் வீட்டில் தொடங்க நல்லவைதான். ஆனால் உப்பில்லாத மோரை மட்டும் இரண்டு நாள் கொடுத்துவிட்டு, கண் குழிந்து, கிள்ளினால் தோல் மெல்லத் திரும்பும் நிலையில் தூக்கிவந்த குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். சர்க்கரை அள்ளிப் போட்ட லஸ்ஸியும் வேண்டாம், அது பேதியைக் கூட்டும். மோருக்குக் கொதித்து ஆறிய தண்ணீரையே சேருங்கள். தயிரைச் சுத்தமாக உறையவைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் என்ன பயன்?

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துவிடுகிறார்கள். அது உப்பு விஷமாக ஆகிவிடும். பொட்டலத்தில் எழுதிய அளவைப் பார்த்து, அளந்த தண்ணீரில் கரையுங்கள். இதோடு துத்தநாகம்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் தொடர வேண்டும். தயிர் இவற்றின் இடத்தைப் பிடிக்காது, இவற்றோடு வரட்டும்.

மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது என்றால் கேள்வி எழுதிக்கொண்டிருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர்: நாங்கள் மொசரு என்போம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு துளி கொடுக்கலாமா? ஆன்டிபயாடிக்கோடு எத்தனை மணி இடைவெளி?

வேண்டாம். அந்த வயதில் தாய்ப்பால் மட்டும்தான். மூத்த குழந்தைக்கு அமாக்ஸிசிலினோடு தயிர் சேர்ந்தாலும் மருந்துக்குக் கெடுதல் இல்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுத்திருந்தால் மட்டும் தயிரின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். புரோபயாடிக்குக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுவது வழக்கம்.

அரூரிலிருந்து ஒரு ஆசிரியர்: ஆன்டிபயாடிக் முடிந்தபின் குடலின் கிருமிகளைப் பழையபடி கொண்டுவரப் புரோபயாடிக் உதவும் என்று படித்தேன்.

இதில் நானே தயங்குகிறேன். 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் வயதுவந்தவர்களிடம் நடந்த சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் குடலில் சொந்தக் கிருமிகள் திரும்பி வர, ஒன்றும் எடுக்காதவர்களைவிட அதிக நாளானது. பேதியைத் தடுப்பதும் குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் ஒன்றாக இல்லாமல் போகலாம். குழந்தைகளிடம் எப்படி என்று இன்னும் முடிவாகவில்லை.

பாலக்கோட்டுத் தாய் மீண்டும்: டாக்டர், மருந்தைச் சாப்பாட்டோடு கொடுத்தேன். இன்று ஐந்தாம் நாள், இரண்டு முறைதான் போனது. பசும்பால் எப்போது?

காது மருந்து முடியட்டும், மலம் கட்டியாகி இரண்டு நாள் கழியட்டும். பிறகு முதல் நாள் அரை டம்ளர் பால் கொடுத்துப் பாருங்கள். நுரைத்த மலமும் பிட்டச் சிவப்பும் திரும்பினால் ஒரு வாரம் மறுபடியும் தயிர். துத்தநாக சிரப் பாட்டில் பாதியில் அலமாரியில் நிற்கிறதா என்று இப்போதே எழுந்து பாருங்கள்.