வைக்கோல் லாரியைத் திருப்பினால் கேட்க வேண்டிய காகிதம்

கேள்வி: வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் நெல் அறுப்பு முடிஞ்சதும் வைக்கோலை மிஷின்ல ரோல் சுத்தி, பாலக்காட்டு மாட்டுப் பண்ணைகளுக்கு லாரியில அனுப்பறது என் தொழிலுங்க. இந்த வருசம் மழை இல்லை. போன வாரம் பொள்ளாச்சி தாண்டி எல்லைச் சாவடியில ரெண்டு லோடைத் திருப்பி விட்டுட்டாங்க. "கலெக்டர் உத்தரவு, தீவனம் கேரளாவுக்குப் போகக்கூடாது"ன்னு வாயிலதான் சொன்னாங்க, காகிதம் தரலை. வாட்ஸ்ஆப்ல ஒரு கடிதம் சுத்துது, அதை அனுப்பியிருக்கேன். அரசியல் சட்டத்துல 301னு ஒண்ணு இருக்குதாமே, அதைக் காட்டினா லாரியை விடுவாங்களா? வாடகையே ரெண்டு நடைக்கு நஷ்டமுங்க.

பதில்:

சாவடியில் 301-ஐக் காட்டினால் லாரி நகராது. அங்கே நிற்பவர் மேலே இருந்து வந்த சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்; அரசியல் சட்ட விவாதத்துக்கு அவரிடம் நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. 301 வேலை செய்யும் இடம் உயர் நீதிமன்றம். சாவடியில் உங்கள் டிரைவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த உத்தரவு, எந்தத் தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் உங்கள் வழக்கு நிற்கும், அல்லது விழும்.

இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது 301. மாநில எல்லையைத் தாண்டினால்தான் இது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தாராபுரத்து வைக்கோல் பொள்ளாச்சிக்கே போகக் கூடாது என்று தடுத்தாலும் 301 வரும். ஆனால் அந்த வரியின் தொடக்கத்திலேயே "இந்தப் பகுதியின் பிற வகைமுறைகளுக்கு உட்பட்டு" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கட்டுப்பாடு போட வழி உண்டு. அது யார் வழியாக வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாடாளுமன்றம் பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது 302. மாநிலம் விதிப்பதென்றால் 304-இன் (ஆ) கூறுக்குப் போக வேண்டும். சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும், பொதுநலனுக்கு வேண்டியதாக இருக்க வேண்டும், மசோதாவைக் கொண்டுவருவதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் அனுமதி வாங்க வேண்டும். (முன் அனுமதி வாங்க மறந்திருந்தால், பின்னால் அவர் ஒப்புதல் கொடுத்தாலும் போதும் என்று 255 அந்தக் குறையை நிரப்பிவிடும்.) மாட்டுத் தீவனத்தில் வணிகம் என்பது ஏழாவது அட்டவணையின் பொதுப்பட்டியலில் 33-ஆவது இனத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆக, வறட்சிக் காலத்தில் தீவனம் வெளியே போவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட நம் சட்டமன்றத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் கலெக்டர் சட்டமன்றம் அல்ல.

இப்போது நீங்கள் அனுப்பிய கடிதத்துக்கு வருவோம். அதைக் கால்நடைத் துறை அதிகாரிக்கு எழுதியிருக்கிறார்கள், உங்களுக்கோ போக்குவரத்துத் துறைக்கோ அல்ல. "உள்ளூர்த் தேவை பூர்த்தியாகும்வரை தீவனத்தை வெளி மாநிலங்களுக்கு அனுப்புவதைத் தவிர்க்க விவசாயிகளிடம் அறிவுறுத்தப்பட வேண்டும்" என்பது அதில் உள்ள முக்கியமான வரி. அறிவுறுத்த வேண்டும் என்றுதான் இருக்கிறது, தடை செய்யப்படுகிறது என்று இல்லை. "பார்வை" என்ற இடத்தில் ஒரு கூட்டக் குறிப்பின் எண் இருக்கிறதே தவிர, எந்தச் சட்டத்தின் பெயரும் பிரிவும் இல்லை. இது ஒரு வேண்டுகோள். யாரோ அதைச் சாவடிக்கு ஃபார்வர்டு செய்ய, போகப் போக அது தடை உத்தரவாகிவிட்டது. இப்படி ஆவது புதிதில்லை. நல்ல எண்ணத்தில் எழுதிய கடிதங்கள்தான் பெரும்பாலும் இப்படி முளைத்து நிற்கும்.

சட்ட ஆதாரமில்லாத நிர்வாக உத்தரவால் வணிகத்தை நிறுத்த முடியாது என்பது பழைய தீர்ப்பு. ஹைதராபாத்தில் உரிமம் வைத்திருந்த சர்க்கரை வியாபாரிகளின் விற்பனையை நிறுத்தி, விநியோகத்தைக் கூட்டுறவுக் கடைக்கு மாற்றினார்கள். உரிமத்தை ரத்து செய்யவில்லை, வெறும் உத்தரவுதான். 1970-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது குஜராத் மணல் வழக்கு. அங்கே இருந்தது வெறும் கடிதம் இல்லை, முறையான விதியே இருந்தது: மாநிலத்தில் எடுத்த மணல் எல்லை தாண்டக் கூடாது. அந்த விதி, அதை இயற்ற அதிகாரம் தந்த கனிமச் சட்டத்தின் வரம்பைத் தாண்டிவிட்டது, 301-க்கும் முரண், அதனால் செல்லாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முறையான விதிக்கே அந்த கதி என்றால், "அறிவுறுத்த வேண்டும்" என்ற கடிதம் எம்மாத்திரம்?

இங்கேதான் அவசரப்படக் கூடாது. நீங்கள் வழக்குப் போட்ட மறுநாள் அரசு வக்கீல் வேறொரு உத்தரவோடு வரலாம். எது வரும் என்று முன்பே யோசித்து வைப்போம்.

அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தைச் சொன்னால் பதில் சுலபம். 1955-இல் வந்த அந்தச் சட்டத்தில் முன்பு மாட்டுத் தீவனம் இருந்தது. 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டியலைச் சுருக்கியபோது தீவனம் போய்விட்டது, தீவனப் பயிரின் விதை மட்டும் தங்கிவிட்டது. மத்திய அரசு அறிவிக்கை போட்டு மறுபடி சேர்த்தாலொழிய வைக்கோல் அதற்குள் வராது. பழைய புத்தகத்தைப் பார்த்து வாதாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிர்த் தரப்பு மட்டுமல்ல, நம் தரப்பிலும்.

பழைய 144 தடை உத்தரவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, கலவரம், பொது அமைதிக்குப் பங்கம் போன்றவற்றை உடனடியாகத் தடுப்பதற்கானது அது. சாதாரணமாக 2 மாதத்துக்கு மேல் நிற்காது. தீவன விலை ஏறுகிறது என்பதை மட்டும் சொல்லி இதைப் போட்டால் நீதிமன்றத்தில் தாங்காது என்பது என் கருத்து. வைக்கோல் லாரிகளை ஊர் மக்கள் மறித்து அடிதடி ஆகியிருந்தால் கதை வேறு.

எனக்குக் கவலை தருவது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம்தான். வறட்சியும் பேரிடர்தான். பாதிக்கப்பட்ட பகுதிக்குள்ளும் அங்கிருந்து வெளியேயும் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த மாவட்ட ஆணையத்துக்கு அதன் 34-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது, கலெக்டர்தான் அதன் தலைவர். இது நாடாளுமன்றச் சட்டம் என்பதால் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி என்ற கேள்வியே எழாது. அப்போது நம் வாதம் மாற வேண்டும். வாகனப் போக்குவரத்தை நிர்வகிக்கும் அதிகாரம் ஒரு பொருளை ஒரு மாநிலத்துக்கு மட்டும் விற்காதே என்று சொல்லும் அதிகாரமாகுமா? கோவைக்குப் போகும் வைக்கோலை விட்டுவிட்டுப் பாலக்காட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்த என்ன காரணம்? மாவட்டத்தில் எவ்வளவு தீவனம் குறைகிறது என்று கணக்கு எடுத்தார்களா? தொழில் செய்யும் உரிமையான 19(1)(எ)வையும், சமத்துவம் பேசும் 14-ஐயும் 301-ஓடு சேர்த்து நிறுத்த வேண்டிய இடம் இது. வெல்லலாம், ஆனால் வெறும் கடிதத்தை எதிர்ப்பதுபோல் ஒரே நாளில் முடியாது.

கோமாரி போன்ற நோய் காரணமாக உங்கள் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்திருந்தால் விஷயம் வேறு. நோய்ப்பட்ட மாட்டோடு தொடர்புபட்ட தீவனத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் சொல்கிறது. அங்கே 301 பேசி வீணாக்காதீர்கள்.

அப்புறம், கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோவில் ரோல்கள் லாரியின் பக்கவாட்டில் நன்றாகப் பிதுங்கி நிற்கின்றன. பாரம் அனுமதித்த அகலத்தையோ உயரத்தையோ தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ). கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் உங்கள் தலையில். சாலையில் எல்லோருக்கும் பொதுவாக உள்ள இத்தகைய ஒழுங்குமுறை 301-ஐ மீறுவதாகாது என்று 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒழுங்குபடுத்துவது வேறு, தடுப்பது வேறு. காட்டுப் பொருளை இரவில் கொண்டுபோகவே கூடாது என்ற மைசூர் அரசின் விதியை ஒழுங்குமுறை என்று வாதாடியபோது, இல்லை, அது தடைதான் என்று 1967-இல் அதே நீதிமன்றம் தள்ளியது. சாவடியில் உங்கள் லாரியைப் பிதுங்கிய பாரத்துக்காக நிறுத்தினோம் என்று எழுதிக்கொண்டால், கேரளா என்ற பேச்சே கோப்பில் இருக்காது. அந்த வாய்ப்பை நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

அதனால் அடுத்த லோடை அளவுக்குள் கட்டி அனுப்புங்கள். வாங்குபவர் பெயர், ஊர், ரோல் எண்ணிக்கை போட்ட பில் டிரைவர் கையில் இருக்கட்டும். வைக்கோலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆகவே இ-வே பில் எங்கே என்று கேட்டால் தேவையில்லை என்று சொல்லலாம். நிறுத்தினால் சண்டை வேண்டாம். உத்தரவின் நகலைக் கேளுங்கள். தரவில்லை என்றால் நேரம், இடம், நிறுத்தியவரின் பதவி ஆகியவற்றை டிரைவர் அங்கேயே ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். லாரி நிற்கும் படமும் இருந்தால் நல்லது.

அன்றைக்கே கலெக்டருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு மனு அனுப்புங்கள்: இன்ன தேதியில் இப்படி நிறுத்தினார்கள், தடை உத்தரவு இருந்தால் நகல் தாருங்கள், இல்லையென்றால் லாரியை விடச் சொல்லுங்கள். 144 உத்தரவுகளை மறைத்து வைக்கக் கூடாது, வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டியும் கேட்கலாம்தான், ஆனால் பதிலுக்கு 30 நாள். மழை பிடித்தால் அதற்குள் உங்கள் ரோல் கறுத்துப்போகும். மனுவுக்கு ஒரு வாரம் பார்த்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதுதான் சரி.

301 அடிப்படை உரிமைகள் பகுதியில் இல்லை, 13-ஆம் பகுதியில் இருக்கிறது. அதை மட்டும் வைத்து உச்ச நீதிமன்றத்துக்கு நேரே போக முடியாது. 226-ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றம் போவதே வழி. லோடைத் தடுக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவும் கேளுங்கள். போன இரண்டு நடையின் நஷ்டத்தை ரிட்டிலேயே வாங்குவது கடினம். அதற்கு சிவில் வழக்கு, அதற்கு முன் அரசுக்கு 2 மாத நோட்டீஸ். வாடகைத் தொகையைப் பார்த்தால் அலைச்சலுக்குக் கட்டுமா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

தாராபுரம் திருப்பூர் மாவட்டம் என்பதால் நீங்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர்க்காரர் யாராவது உங்களோடு சேர்ந்து வழக்குப் போடுவதாகச் சொன்னால், அவர் மாவட்டம் மதுரைக் கிளைக்குக் கீழ் வருகிறது. அவருக்குத் தனி மனு போடச் சொல்லுங்கள்.