இரண்டு மணி நேரம் உட்கார முடியாதவருக்கு எந்தப் படம்?

கேள்வி: இரண்டு மணி நேரம் ஒரு படத்தின் முன் என்னால் உட்கார முடியவில்லை. அரை மணி நேரத்துக்குள் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடுகிறது. வேகமான அதிரடிப் படமாகப் பார் என்கிறார்கள் நண்பர்கள். அதிலும் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. எனக்கேற்ற படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— ஒரு வாசகர்

பதில்: உங்கள் நண்பர்களின் ஆலோசனையை முதலில் தள்ளி வையுங்கள். திரையில் வண்டிகள் வேகமாக ஓடுவதால் மட்டும் பார்ப்பவரின் மனம் அங்கே நிற்பதில்லை. பத்து நிமிடம் நீளும் ஒரு துரத்தலில் நாயகன் பிழைத்துவிடுவான் என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். எனவே அந்தப் பத்து நிமிடமும் உங்கள் மூளைக்கு வேலையே இல்லை. சத்தமும் வெட்டுகளும் எத்தனை கூடினாலும், காத்திருக்க ஒரு கேள்வி இல்லாத இடத்தில் கவனம் கலையத்தான் செய்யும். உங்களைப் போன்றவர் பார்க்க வேண்டியது வேகத்தை அன்று. படம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வியைத் தீர்த்து அடுத்ததைக் கிளப்புகிறது என்பதை.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிட்னி லூமெட் இயக்கி 1957இல் வெளிவந்த '12 ஆங்க்ரி மென்' 96 நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படம். தொடக்கத்திலும் முடிவிலும் வரும் சில நிமிடங்களை விட்டால், ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறையில் பன்னிரண்டு பேர் பேசுவதுதான். கேட்டவுடன் நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றி அந்தப் பன்னிரண்டு ஜூரிகளும் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் மறுக்கிறார். சிறிது நேரம் கழித்து அந்த ஒருவரே ரகசிய வாக்கெடுப்புக் கேட்கிறார். தான் அதில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கியிருப்பதாகவும், மற்ற பதினொருவரும் மாறாவிட்டால் தானும் அவர்களோடு சேர்ந்துவிடுவதாகவும் சொல்கிறார். சீட்டுகள் எண்ணப்படும்போது ஒருவர் மனம் மாறியிருக்கிறார். அதன் பிறகு எண்ணிக்கை படிப்படியாக நகர்ந்து ஒரு கட்டத்தில் ஆறுக்கு ஆறு என்று வந்து நிற்கிறது. எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு மீதி என்பது பார்ப்பவருக்கு எந்த நேரத்திலும் தெரிகிறது. கவனம் சீக்கிரம் சிதறுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஒவ்வொரு மனமாற்றத்துக்கும் பின்னால் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒரு சிறு விஷயமும் இருக்கிறது. காலை இழுத்து நடக்கும் ஒரு முதியவர், சத்தம் கேட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து பதினைந்து விநாடியில் வாசற்கதவை அடைந்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார். ஜூரிகளில் ஒருவர் அந்தத் தூரத்தை அறைக்குள்ளேயே அளந்து, அதே போல் காலை இழுத்து நடந்து காட்டுகிறார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 41 விநாடி ஆகிறது. அந்த நடையின்போது கைப்பேசியைத் தொட்டவர் யாரும் இருக்க மாட்டார் என்றே நம்புகிறேன், ஏனென்றால் நாமும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதிலிருந்து ஒரு சோதனையை நீங்களே செய்துகொள்ளலாம். எந்தப் படமானாலும் பதினைந்து நிமிடம் பாருங்கள். பிறகு நிறுத்தி, 'யாருக்கு, என்ன, எப்போதைக்குள் வேண்டும்' என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படம் மோசம் என்று பொருளில்லை. இப்போதைக்கு அது உங்களுக்கான படமில்லை, அவ்வளவுதான். 'எப்போதைக்குள்' என்ற பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். 1952இல் வந்த 'ஹை நூன்' 85 நிமிடம். நண்பகல் ரயிலில் ஒரு கொலைகாரன் வந்திறங்கப் போகிறான், அதற்குள் ஊர்க்காவல் அதிகாரி துணைக்கு ஆள் சேர்க்க வேண்டும். கதைக்குள் கழியும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே, சுவர்க் கடிகாரமும் அடிக்கடி கண்ணில் படும். 1998இல் வந்த ஜெர்மன் படமான 'ரன் லோலா ரன்' இன்னும் உங்கள் பக்கம். காதலனைக் காப்பாற்ற இருபது நிமிடத்துக்குள் ஒரு லட்சம் மார்க் புரட்ட வேண்டும் என்று ஓடும் ஒரு பெண்ணின் கதை, மூன்று முறை முதலிலிருந்து தொடங்கி மூன்று விதமாக முடிகிறது. மொத்தமே 80 நிமிடம்தான். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் தயங்காமல் எழுந்து போகலாம்.

நீளம் குறைந்தது என்பதற்காக மட்டும் ஒன்றை எடுத்துவிடாதீர்கள். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டீ' 28 நிமிடம்தான். ஆனால் ஒரு சின்னஞ்சிறு கணத்தைத் தவிர அது முழுக்க அசையாத புகைப்படங்களாலும் பின்னணிக் குரலாலும் ஆனது. அருமையான படம், உங்கள் முதல் தேர்வாக மட்டும் வேண்டாம். மறுபுறம், 2014இல் வந்த அர்ஜென்டினப் படமான 'வைல்ட் டேல்ஸ்' இரண்டு மணி நேரத்தைத் தொட்டாலும் தொடர்பற்ற ஆறு கதைகளின் தொகுப்பு என்பதால், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாகப் பார்க்கலாம். வன்முறை சற்று அதிகம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கதையைக் கொண்ட படத்தைப் பிரித்துப் பார்ப்பதிலும் தவறில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு சிக்கல் தீர்ந்து மூச்சுவிடும் இடத்தில் நிறுத்துகிறார்கள். மறுநாள் திரும்பி வர அவர்களுக்குக் காரணமே இருப்பதில்லை. புதிய கேள்வி எழுந்தவுடன் நிறுத்துங்கள். நான் சொன்ன ஜூரி படத்தில், ரகசிய வாக்குச் சீட்டுகளை எண்ணத் தொடங்கும் இடம் அதற்குப் பொருத்தமானது. கொஞ்சம் கொடுமையான யோசனைதான். மிச்சத்தை மறுநாளே பார்த்துவிடுங்கள், ஒரு வாரம் போனால் யார் யார் என்பதே மறந்துவிடும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த 41 விநாடி நடை அப்போது 27 விநாடியில் முடிந்துவிடும். பதினைந்து விநாடி என்ற சாட்சியம் அவ்வளவு பெரிய பொய்யாகவும் தோன்றாது, காட்சி எதற்காக எடுக்கப்பட்டதோ அதுவே கெட்டுப்போகும்.

இனி நீங்கள் பார்க்கும் இரண்டு மூன்று படங்களில், கை கைப்பேசிக்குப் போன நிமிடத்தைக் குறித்து வையுங்கள். எப்போதும் முதல் இருபது நிமிடத்திலேயே போகிறதென்றால், அறிமுகமாகும் பாத்திரங்கள் அதிகம் என்று பொருள். ஆள் குறைந்த படங்களைத் தேடுங்கள். நடுவில் போகிறதென்றால் கிளைக்கதைகள்தான் உங்களைத் தள்ளிவிடுகின்றன. ஒரே இடத்தில் அல்லது ஒரே நாளில் நடக்கும் கதைகள் பொருந்தும். 85 நிமிடமும் அதிகம் என்று தோன்றினால், பஸ்டர் கீட்டன் 1924இல் எடுத்த 'ஷெர்லாக் ஜூனியர்' படத்திலிருந்து தொடங்குங்கள். 45 நிமிடம்தான், மௌனப் படம் என்பதால், காதை மட்டும் திரைக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை வேறெங்கும் வைத்திருக்க அது உங்களை விடாது.